ஒவ்வொரு பணம் வரும்போதும் வரிக்கும் காப்பீட்டுக்கும் எடுத்து வைப்பது எப்படி: ஒரு கட்டடப் பொறியாளரின் கணக்கு

தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மார்ச் மாதம் வந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "வரி எவ்வளவு வரும்?" என்று கேட்பார்கள். சொன்னதும், "அவ்வளவு இப்போ கையில இல்லையே" என்பார்கள். சம்பாதிக்காதவர்கள் இல்லை. பணம் வந்தது, வந்த அன்றே பிரிக்காததால் செலவாகிவிட்டது.

மதுரையில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு கட்டடப் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். வீட்டு வரைபடம், கம்பிக் கணக்கு, மேற்பார்வை எல்லாம் செய்கிறார். பாதி வேலை வீடு கட்டுபவர்களிடமிருந்தும் பாதி கட்டுமான நிறுவனங்களிடமிருந்தும் வருகிறது. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, ஏனென்றால் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கீழே உள்ள வருமான வரிக் கணக்கு 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி போட்டது.

படி 1: குறைந்த வரவு, அதிக வரவு, இரண்டையும் எழுதுங்கள்

"இந்த வருஷம் எவ்வளவு வரும்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்லாதீர்கள். வேலை மந்தமாக இருந்தால் எவ்வளவு, நன்றாக ஓடினால் எவ்வளவு என்று இரண்டு எண்கள் வேண்டும். நம் பொறியாளருக்குக் குறைந்தது 20 லட்சம், அதிகம் போனால் 30 லட்சம். இது ஜிஎஸ்டி சேர்க்காத கட்டணத் தொகை.

இரண்டு எண்கள் எதற்கு? வரி, வரவோடு சேர்ந்து ஏறும். ஆகவே வரிக்கான சதவீதத்தை அதிக வரவை வைத்துப் போட வேண்டும். காப்பீட்டு பிரீமியமோ வரவு குறைந்தாலும் குறையாது. அதைக் குறைந்த வரவை வைத்துப் போட வேண்டும். பலர் இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, நல்ல ஆண்டில் வரிக்கும் மோசமான ஆண்டில் பிரீமியத்துக்கும் தடுமாறுகிறார்கள்.

படி 2: வருமான வரிக்கான சதவீதம்

பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர், கட்டட வடிவமைப்பாளர், உள் அலங்கார வல்லுநர் போன்ற சில தொழில்களுக்கு உத்தேச வருமான முறை உண்டு. 1961-ஆம் ஆண்டின் பழைய வருமான வரிச் சட்டத்தில் இது பிரிவு 44ஏடிஏ. மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. ஆண்டு வரவு 50 லட்சம் வரை இதைப் பயன்படுத்தலாம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை. உண்மையான லாபம் பாதிக்கு மேல் என்றால் அந்தக் கூடுதல் தொகையைக் காட்டவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

30 லட்சம் வந்தால் வருமானம் 15 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 3 லட்சத்துக்கு 15 சதவீதம், 45,000. மொத்தம் 1,05,000. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 1,09,200 ரூபாய். 30 லட்சத்தில் இது 3.64 சதவீதம். 4 என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, கொஞ்சம் நின்று பாருங்கள். வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம் ஆகிவிடும். அதாவது நம் பொறியாளருக்கு 24 லட்சம் வரை வந்தாலும் வரி இல்லை. "எனக்கு 22 லட்சம்தான் வரும், எதுக்கு எடுத்து வைக்கணும்?" என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் ஜனவரியில் ஒரு அடுக்குமாடி வேலை வந்து, ஆண்டு வரவு 26 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். வருமானம் 13 லட்சம். வரி செஸ்ஸோடு 78,000. வரவு ஏறியது 4 லட்சம், வரி பூஜ்யத்திலிருந்து நேராக 78,000. ஒன்பது மாதம் ஒன்றும் எடுத்து வைக்காதவர் இதைக் கடைசி இரண்டு மாத வரவிலிருந்தே கட்ட வேண்டும்.

எல்லையைச் சற்றே தாண்டியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வருமானம் 12,25,000 என்றால், தாண்டிய 25,000-க்கு மேல் வரி கேட்க மாட்டார்கள், அதோடு செஸ் மட்டும். வேறு விதமாகச் சொன்னால், அந்த இடத்தில் கூடுதல் வருமானம் முழுவதும் வரியாகவே போகிறது. வரவு சுமார் 25.4 லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் கணக்கு வழக்கமான நிலைக்கு வருகிறது. வங்கி வட்டி, வீட்டு வாடகை போன்றவையும் இதே வருமானத்தில் சேரும் என்பதால், 24 லட்சத்துக்குள் இருப்பவரும் அவற்றால் எல்லை தாண்டலாம்.

அதனால்தான் வரி வராது என்று தோன்றினாலும் முதல் நாளிலிருந்தே 4 சதவீதம் எடுக்கச் சொல்கிறேன். போட்டுப் பார்த்தேன், சுமார் 32 லட்சம் வரவு வரை அது போதுமானது. அதற்கு மேல் 20 சதவீத அடுக்கு தொடங்கிவிடும், அங்கே கூடுதலாக வரும் கட்டணத்துக்கு 10.4 சதவீதம் எடுங்கள்.

உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் இந்த 4 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லாபக் கணக்கு வேறு மாதிரி வரும், சதவீதமும் மாறும்.

படி 3: காப்பீட்டுக்கான சதவீதம்

தனியாகத் தொழில் செய்பவருக்கு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு கிடையாது, விபத்தில் படுத்தால் சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது. நம் பொறியாளர் குடும்ப மருத்துவக் காப்பீடு, டேர்ம் ஆயுள் காப்பீடு, தனிநபர் விபத்துக் காப்பீடு மூன்றையும் வைத்திருக்கிறார். மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 44,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வயது ஏறும்போது மருத்துவ பிரீமியமும் ஏறும், ஆகவே 50,000 என்று திட்டமிடுகிறார். குறைந்த வரவான 20 லட்சத்தில் இது 2.5 சதவீதம்.

சாரத்தில் ஏறி இறங்குபவர்கள் விபத்துக் காப்பீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும் பணம் தரும் பாலிசிகள் உண்டு. காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் இருந்தால் அது உதவாது. தற்காலிக முழு இயலாமைக்கு வாராவாரம் தொகை தரும் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மருத்துவ பிரீமியம் தேதி தவறினால் சலுகைக் காலம் உண்டு, ஆண்டு பிரீமியத்துக்கு வழக்கமாக 30 நாள். அதற்குள் கட்டினால் பாலிசியின் தொடர்ச்சி காக்கப்படும், ஆனால் இடைப்பட்ட நாட்களில் வந்த ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்காது. சலுகைக் காலமும் போய்விட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். அது மூன்று ஆண்டு வரை இருக்கலாம். புதிய வரி முறையில் இந்த பிரீமியங்களுக்கு வரிக் கழிவு கிடையாது, அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

படி 4: இரண்டு தனிக் கணக்குகள்

ஒன்று அரசாங்கப் பணத்துக்கு (ஜிஎஸ்டியும் வருமான வரியும்), இன்னொன்று காப்பீட்டுக்கு. முடிந்தால் வேறு வங்கியில் திறங்கள். இரண்டையும் யுபிஐ செயலியில் இணைக்காதீர்கள். மளிகைக் கடையில் ஸ்கேன் செய்யும்போது அந்தக் கணக்கு திரையில் தெரியவே கூடாது.

படி 5: பணம் வந்த அன்றே பிரிப்பது

முதலில் வீட்டுக்காரர். கட்டணம் 40,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 7,200, மொத்தம் 47,200 வந்தது. அரசாங்கக் கணக்குக்கு 7,200-ம் வருமான வரிக்காக 1,600-ம் போகிறது. காப்பீட்டுக் கணக்குக்கு 1,000. மீதி 37,400 அவருடையது.

அடுத்து நிறுவனம். கட்டணம் 1,00,000, ஜிஎஸ்டி 18,000. நிறுவனம் 10 சதவீத டிடிஎஸ் பிடிக்கும். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் கட்டணத்தின் மேல் மட்டும்தான் பிடிக்க வேண்டும், 18,000-இன் மேல் பிடித்தால் கேளுங்கள். பிடித்தது போக 1,08,000 வந்தது. இதில் வருமான வரிக்கு 4,000 எடுக்க வேண்டியதில்லை, ஏற்கனவே 10,000 போய்விட்டது. ஜிஎஸ்டி 18,000, காப்பீடு 2,500, மீதி 87,500.

எக்செல் தாளில் B நெடுவரிசையில் கட்டணம், C-யில் டிடிஎஸ் எழுதினால் மூன்று தொகைகளும் தானே வரும்:

```
=B2*18%
=MAX(0, B2*4%-C2)
=B2*2.5%
```

சதவீதத்தை எப்போதும் கட்டணத்தின் மேல் போடுங்கள், வங்கியில் வந்த தொகையின் மேல் அல்ல.

இந்த முறை ஓரிடத்தில் உடையும். ஜிஎஸ்டி, பில் போட்ட மாதத்துக்கே கட்ட வேண்டியது, பணம் வந்ததா என்று பார்க்காது. மார்ச் 28-ல் ஒரு நிறுவனத்துக்கு 3 லட்சத்துக்குப் பில் போட்டு, அவர்கள் ஜூலையில் பணம் தந்தால், 54,000 ரூபாயை ஏப்ரல் 20-க்குள் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆகவே வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடியும்போது அதற்கு மட்டும் பில் போடும்படி முதலிலேயே ஒப்பந்தம் எழுதுங்கள். முன்பணம் வாங்கினாலும் சேவைக்கு அந்த மாதமே ஜிஎஸ்டி உண்டு. அதனால் 50,000 முன்பணத்தை முழுதாக உங்கள் பணமாக எண்ணாதீர்கள்.

படி 6: பிப்ரவரியில் சரிபார்த்து மார்ச்சில் கட்டுவது

உத்தேச முறையில் இருப்பவர் முன்கூட்டிய வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டியதில்லை, மார்ச் 15-க்குள் ஒரே தடவை போதும். டிடிஎஸ் கழித்த பிறகு 10,000-க்குக் கீழ் வந்தால் அதுவும் தேவையில்லை.

பிப்ரவரி நடுவில் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறங்கள். டிசம்பர் வரை பிடித்ததை நிறுவனங்கள் ஜனவரி 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், ஆகவே அப்போது தெரிய வேண்டும். பிடித்ததாகச் சொன்ன தொகை அங்கே இல்லையென்றால் உடனே அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவைக் கேளுங்கள். ஜூலையில் கேட்டால் பதில் வர நாளாகும்.

26 லட்சம் வந்த ஆண்டில் 78,000 வரியில், டிடிஎஸ் 50,000 தெரிகிறது என்றால் கட்ட வேண்டியது 28,000. தளத்தில் `e-Pay Tax` போய், `Advance Tax (100)` தேர்ந்தெடுத்து, ஆண்டைச் சரியாகப் பார்த்துக் கட்டுங்கள். ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்து வரும் சலான்கள்தான் எனக்கு அதிக வேலை வைப்பவை. மார்ச் 15 தவறினால் 31-க்குள்ளாவது கட்டிவிடுங்கள். ஒரு மாதத்துக்கான 1 சதவீத வட்டியோடு போகும், ஏப்ரலுக்குத் தள்ளினால் மாதாமாதம் ஏறும்.

கட்டிய பிறகும் கணக்கில் மிச்சம் இருக்கும். கடைசி மாத ஜிஎஸ்டிக்கு வேண்டியதை விட்டுவிட்டு, மீதியை ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து முடிக்கும்வரை தொடாமல் வையுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் வந்த கட்டணம் ஒன்று விட்டுப்போயிருந்தால் அதற்கான வரி அங்கிருந்துதான் போக வேண்டும்.