430 யூரோ வரம்புக்குள் இருக்கிறோமா? ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் ரூபாயில் கணக்குப் போடும் முறை

இந்தியாவில் வாங்கிய பொருட்களோடு விமானத்தில் ஜெர்மனிக்குள் நுழையும்போது, ஒருவருக்கு 430 யூரோ மதிப்பு வரை வரி கிடையாது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 175 யூரோதான். வரம்பு யூரோவில், பில்லோ ரூபாயில். இரண்டையும் சரியாகப் பொருத்திப் பார்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், எதெல்லாம் கணக்கில் வரும்?

புதிதாக வாங்கியவை, பிறர் கொடுத்த அன்பளிப்புகள், வழியில் துபாயில் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியவை எல்லாமே வரும். "டியூட்டி ஃப்ரீ" என்று கடையில் எழுதியிருப்பது அந்த நாட்டு வரியைப் பற்றியது. ஜெர்மனியின் வரம்பு அதற்கும் பொருந்தும். நீங்கள் ஏற்கெனவே ஜெர்மனியிலிருந்து எடுத்துச் சென்று திருப்பிக் கொண்டுவரும் லேப்டாப், நகை போன்றவை வராது. ஆனால் அவை உங்களிடம் முன்பே இருந்தவை என்று காட்ட பில் இருப்பது நல்லது. மதுவுக்கும் புகையிலைக்கும் தனி அளவு வரம்பு உண்டு, அவற்றை இதில் சேர்க்க வேண்டாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்கள் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது.

எந்த மாற்று விகிதம்?

பலரும் சறுக்குவது இங்கேதான். கூகுளில் தெரியும் விகிதமோ கார்டில் பிடித்த விகிதமோ அல்ல, சுங்கத் துறையின் விகிதம்தான் செல்லும். மாதத்தின் கடைசிக்கு முந்தைய புதன்கிழமை விகிதம் அடுத்த மாதம் முழுவதற்கும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. zoll.de தளத்தில் Umrechnungskurse என்ற பக்கத்தில் இதைப் பார்க்கலாம். Zoll und Reise என்ற செயலியிலும் கணக்கிடலாம். நீங்கள் வாங்கிய மாதம் அல்ல, ஜெர்மனியில் இறங்கும் மாதத்தின் விகிதத்தை எடுங்கள். மே மாதம் தி. நகரில் வாங்கி ஜூன் 2 அன்று இறங்கினால் ஜூன் விகிதம்.

கணக்கு

விகிதம் 1 யூரோவுக்கு இத்தனை ரூபாய் என்று இருக்கும். ஆகவே வகுக்க வேண்டும்.

```
யூரோ மதிப்பு = ரூபாய் ÷ விகிதம்
```

எடுத்துக்காட்டுக்காக விகிதம் 104 என்று வைத்துக்கொள்வோம். பட்டுப்புடவை 28,600 ரூபாய், அதாவது 275 யூரோ. வெள்ளிக் குத்துவிளக்கு 13,000 ரூபாய், 125 யூரோ. சுடிதார் செட் 6,240 ரூபாய், 60 யூரோ. மொத்தம் 460. வரம்பை 30 யூரோ தாண்டிவிட்டது.

துபாயில் ஏதாவது வாங்கியிருந்தால் அதை திர்ஹம் விகிதத்தில் தனியாக யூரோவாக்கி, பிறகு கூட்டுங்கள். முதலில் ரூபாயாக்கி அதை யூரோவாக்கினால் இரண்டு மாற்றத்திலும் பிசகு சேரும்.

எல்லைக்கோட்டில் இருக்கும்போது விகிதம் முடிவையே மாற்றிவிடும். 45,500 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 104-இல் 437.50 யூரோ, 107-இல் 425.23. நீங்கள் 107 என்று நினைத்துப் பச்சை வழியில் நடந்து, அந்த மாதச் சுங்க விகிதம் 104 ஆக இருந்தால், அறிவிக்காமல் வரம்பு மீறியவர் ஆகிவிடுவீர்கள். மொத்தம் 410 யூரோவைத் தாண்டினாலே சுங்க விகிதத்தைப் போட்டு மறுபடி சரிபாருங்கள்.

தாண்டிவிட்டால்?

ஒரு பொருளின் மதிப்பை உடைத்து, "430 வரை விலக்கு, மீதிக்கு வரி" என்று போட முடியாது. மேலே உள்ள கணக்கில் 30 யூரோவுக்கு மட்டும் வரி என்பது கிடையாது. ஏதாவது ஒரு முழுப் பொருள் விலக்குக்கு வெளியே போக வேண்டும். சுடிதார் செட் வெளியே போனால் மீதி இரண்டும் சேர்ந்து 400, அவற்றுக்கு வரியில்லை. அந்த 60 யூரோவுக்கு மட்டும் வரி. ஒருவரின் பொருட்கள் மொத்தம் 700 யூரோவுக்குள் இருந்தால் பொதுவாக 17.5 சதவீதம் என்ற ஒட்டுமொத்த விகிதம் (சில நாடுகளின் பொருட்களுக்கு 15), ஆகவே 10.50 யூரோ.

ஒரே பொருளாக இருந்தால் அடி பலம். 46,800 ரூபாய்க் கைக்கடிகாரம் 450 யூரோ ஆகிறது. தாண்டியது 20 யூரோதான், ஆனால் வரி 450-க்கும் சேர்த்து 78.75 யூரோ. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வந்தாலும் ஒரே கடிகாரத்துக்கு 860 யூரோ விலக்குக் கேட்க முடியாது. ஆனால் தனித்தனிப் பொருட்கள் என்றால், அவரவருடையதை அவரவர் 430-க்குள் கொண்டுவரலாம்.

தாண்டியது தெரிந்தால் சிவப்பு வழியில் போய், கேட்கும் முன் நீங்களே பில்களை நீட்டுங்கள். பில் இல்லாவிட்டால் மதிப்பை அதிகாரி தாமே மதிப்பிட்டுவிடுவார்.