உருளைக்கிழங்கு வேகவைத்தல்: மசியலுக்கு ஒரு பதம், சாலட்டுக்கு ஒரு பதம்

உருளைக்கிழங்கை மசிப்பதற்கும் சாலட் செய்வதற்கும் வேகவைக்கும் முறை முக்கால்வாசி ஒன்றுதான். கிழங்கு, அது மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீர், உப்பு, மிதமான கொதி. கடைசிச் சில நிமிடங்களில்தான் இரண்டும் பிரிகின்றன. மசியலுக்குக் கிழங்கு தொட்டால் உதிர வேண்டும். சாலட்டுக்கு உள்வரை வெந்திருக்கவும் வேண்டும், கிளறினால் உடையாமல் நிற்கவும் வேண்டும். அடைந்த பதத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும் என்பதால் குக்கரை ஒதுக்கிவிட்டுத் திறந்த பாத்திரத்தில் செய்யுங்கள். விசிலுக்கு நடுவில் திறந்து பார்க்க வழியில்லை.

முதலில் கிழங்கு

மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு வெந்ததும் பொலபொலவென்று உதிரும், அது மசியலுக்கு. மாவு குறைந்து ஈரம் கூடிய கிழங்கு வடிவம் கலையாமல் நிற்கும், அது சாலட்டுக்கு. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம்: மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்று பையில் போட்டிருந்தால் மசிக்கலாம், சார்லட் என்றிருந்தால் சாலட். நம் ஊர்க் காய்கறிக் கடையில் ரகத்தின் பெயர் பெரும்பாலும் தெரியாது. அதற்கு உப்புத் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. ஐந்தரை கப் தண்ணீரில் அரை கப் தூள் உப்பை முழுதாகக் கரைத்து, கழுவிய கிழங்கு ஒன்றைப் போடுங்கள். மூழ்கினால் மாவு அதிகம், மிதந்தால் குறைவு. மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனமானது என்பதால் இது வேலை செய்கிறது. ஒரே மூட்டையில் சில மூழ்கும், சில மிதக்கும்; அப்படியானால் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஏன் பச்சைத் தண்ணீர்?

உருளைக்கிழங்குக்குள் சூடு மெதுவாகத்தான் ஏறும். கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டால் வெளிப்பக்கம் உடனே வேகத் தொடங்கிவிடும், நடுப்பகுதியோ இன்னும் பச்சையாக இருக்கும். நடு வேகும்வரை காத்திருந்தால் ஓரமெல்லாம் கரைந்து தண்ணீரோடு போய்விடும். பச்சைத் தண்ணீரில் தொடங்கினால் தண்ணீரும் கிழங்கும் சேர்ந்தே சூடாவதால் உள்ளுக்கும் வெளிக்கும் இடைவெளி குறைகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். அது கொதிநிலைக்குப் பக்கத்தில்தான் நன்றாக இளகும். ஆனால் சூடு 55 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது, கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அந்தப் பெக்டினை இன்னும் இறுக்கமாக்குகிறது. மெதுவாகச் சூடேறும் கிழங்கின் வெளிப்பக்கம் இதனால் கொஞ்சம் உறுதிப்பட்டு, பிறகு எளிதில் உடையாது. இதையே அளவுக்கு மீறிச் செய்யக் கூடாது. மிகச் சிறிய தீயில் அரை மணி, முக்கால் மணி வெதுவெதுப்பிலேயே கிடந்த கிழங்கு, அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் முழுதாகக் குழையாது. அதனால் பச்சைத் தண்ணீரில் போட்டாலும், கொதி வரும்வரை தீ நன்றாகவே இருக்கட்டும்.

ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பொடியாக நறுக்கிய துண்டென்றால் இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. முழுக் கிழங்கிலும் பெரிய துண்டிலும்தான் தெரியும்.

அடுப்பில்

அரைக் கிலோ மசியலுக்கு, அரைக் கிலோ சாலட்டுக்கு என்று வைத்துக்கொள்வோம். மசியலுக்கான கிழங்கைத் தோல் சீவி, 4 சென்டிமீட்டர் துண்டுகளாக ஒரே அளவில் நறுக்கி, ஒருமுறை அலசுங்கள். சாலட்டுக்கு எலுமிச்சை அளவுள்ள சிறு கிழங்குகளைத் தோலோடு முழுதாகப் போடுவதே நல்லது. தோல் தண்ணீரை உள்ளே விடாது, வடிவத்தையும் காக்கும். தனித்தனிப் பாத்திரத்தில் போட்டு, கிழங்குக்கு மேலே இரண்டு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. இந்த உப்பு இப்போதே சேர வேண்டும். வெந்த பிறகு மேலே தூவினால் இவ்வளவு ஆழமாக உள்ளே போகாது.

சாலட்டுக்குக் கிழங்கை நறுக்கித்தான் போடப்போகிறீர்கள் என்றால் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரும் சேர்க்கலாம். புளிப்பு பெக்டினை எளிதில் கரைய விடாது. புளிக்குழம்பில் பச்சையாகப் போட்ட உருளைக்கிழங்கு வேக நேரம் எடுப்பதும் இதனால்தான். மசியல் பாத்திரத்தில் எந்தப் புளிப்பும் வேண்டாம்.

கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டிருந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி மூலை உடையும்.

பதம் பார்ப்பது

4 சென்டிமீட்டர் துண்டுக்குக் கொதி வந்ததிலிருந்து 10 நிமிடத்திலும், சிறிய முழுக் கிழங்குக்கு 12 நிமிடத்திலும் பார்க்கத் தொடங்குங்கள். கிழங்கின் வயதும் ரகமும் நேரத்தை மாற்றிவிடும் என்பதால் கடிகாரம் சொல்வது எப்போது பார்க்கத் தொடங்குவது என்பதை மட்டும்தான்.

மெல்லிய, கூர்மையான சிறு கத்தி வேண்டும். முள்கரண்டி தடிமனாக இருப்பதால் வெந்துவரும் கிழங்கைப் பிளந்துவிடும். இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து, நடுப்பகுதி வரை கத்தியைச் செலுத்தி, அப்படியே மேலே தூக்குங்கள். கிழங்கு கத்தியைக் கவ்விக்கொண்டு கூடவே வந்தால் இன்னும் வேகவில்லை. கத்தி வழுக்கிக்கொண்டு போய், நடுவில் லேசாக ஒரு தடை தெரிந்து, தூக்கியதும் கிழங்கு தானாக நழுவி விழுந்தால் அது சாலட் பதம். எந்தத் தடையும் இல்லாமல் இறங்கி, கத்தியைச் சற்றுத் திருப்பினாலே துண்டு பிளந்து, ஓரங்கள் சொரசொரப்பாக உதிரத் தொடங்கியிருந்தால் மசியல் பதம். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஐந்து நிமிடம்கூட இருக்காது. அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், குத்துவது ஒரே துண்டாக இருக்கட்டும்.

சாலட்டுக்குக் கத்தி மட்டும் போதாது. அந்தச் சோதனைக் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வேறு நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் உள்ளே பச்சை. தெரியவில்லை என்றால் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்; நறுக்கென்று கடிபடக் கூடாது.

இறக்கிய பிறகு

சாலட் கிழங்கை உடனே வடித்து, அகலமான தட்டில் பரப்புங்கள். சூடான தண்ணீரிலோ குவியலாகவோ விட்டால் தன் சூட்டிலேயே இன்னும் வெந்து பதம் தாண்டிவிடும். கை பொறுக்கும் சூட்டில் தோலுரித்து நறுக்கி, கொஞ்சம் வினிகரும் உப்பும் தெளித்தால் உள்ளே இறங்கும். மயோனைஸ் சேர்ப்பது முழுதாக ஆறிய பிறகு. சூட்டில் அது எண்ணெயாகப் பிரிந்துவிடும்.

மசியலுக்கு ஈரம்தான் எதிரி. வடித்த துண்டுகளை அதே சூடான பாத்திரத்தில் திரும்பப் போட்டு, சிறு தீயில் ஓரிரு நிமிடம் குலுக்குங்கள். ஆவி குறைந்து, அடியில் வெள்ளையாக மெல்லிய படலம் தெரிந்தால் நிறுத்திவிடலாம். சூடாக இருக்கும்போதே மத்தாலோ மேஷராலோ மசித்து, முதலில் 50 கிராம் வெண்ணெய், பிறகு சூடான பால் 100 மில்லிவரை கொஞ்சம் கொஞ்சமாக. மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள். பிளேடு செல்களைக் கிழித்து உள்ளிருக்கும் மாவை வெளியே கொட்ட, மசியல் பசைபோல இழுக்கும், அதைத் திருப்பவும் முடியாது. அப்படி ஆனதில் மாவு சேர்த்து வடை மாதிரி தட்டிப் பொரிக்கலாம்.

சாலட் கிழங்கு குழைந்துவிட்டால் மயோனைஸைத் தொடாமல், முள்கரண்டியால் கரடுமுரடாக நசுக்கி வெண்ணெயும் மிளகும் சேர்த்துவிடுங்கள். மாவு குறைந்த ரகம் என்பதால் நைசாக மசிக்க முயலாதீர்கள், அது சீக்கிரமே பிசுபிசுத்துவிடும்.