என் மொழிபெயர்ப்பு விளம்பரத்தை மாற்றி எழுதிய கதை

'அனைத்து மொழிபெயர்ப்புகளும் குறைந்த கட்டணத்தில், விரைவாகச் செய்து தரப்படும்.' இரண்டு வருடம் இப்படித்தான் வேலை கேட்டேன். கையெழுத்தில் இருந்த பழைய கிரயப் பத்திரத்தை ஆங்கிலத்தில் கேட்டார்கள். இந்தி பாட்டுக்கும் ஆள் வந்தார்கள். நான் செய்வதோ ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மட்டும்.

பெரிய அடி கட்டணத்தில் விழுந்தது. ஒரு மோட்டார் பம்ப் கையேடு, ஆங்கிலத்தில் 3,000 சொற்கள். சொல்லுக்கு 2 ரூபாய் என்று பேசினோம். முடித்துக் கொடுத்ததும் அவர்கள் தமிழ்ச் சொற்களை எண்ணினார்கள்: 2,200. 'இன் தி ஹவுஸ்' மூன்று சொல், 'வீட்டில்' ஒரே சொல். 6,000 எதிர்பார்த்த இடத்தில் 4,400 வந்தது. எந்த மொழிச் சொல் என்று நான் எழுதவில்லை, அதனால் வாதாட இடமில்லை.

அப்புறம் இப்படி மாற்றினேன்:

'ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மட்டும். இயந்திரக் கையேடுகள், விவசாயக் கருவிகள். சட்டம், மருத்துவம் எடுப்பதில்லை. ஆங்கில மூலத்தின் சொல்லுக்கு 2 ரூபாய். ஒரு நாளைக்கு 1,500 சொற்கள், சரிபார்க்கக் கூடுதலாக ஒரு நாள். கோப்பு கிடைத்த மறுநாளிலிருந்து கணக்கு. ஸ்கேன் பிரதி என்றால் பார்த்த பிறகே விலை.'

வேகத்தில் மட்டும் தயங்கினேன். 2,500 கூட முடியும்தான், ஆனால் அப்படி ஓடும் நாளில் ஒரே பாகத்துக்கு 'வால்வு' ஒரு பக்கம், 'அடைப்பிதழ்' மறு பக்கம் என்று கலைச்சொல் மாறிவிடும். அதனால் 1,500 என்றே வைத்தேன். இப்போது விசாரிப்பவர்கள் குறைவு. வருகிறவர்கள் முதல் மெயிலிலேயே கோப்பை இணைத்து, மூலச் சொல் எண்ணிக்கையையும் எழுதிவிடுகிறார்கள்.