இலவச கோடிங் பயிற்சிக்கு முதல் வரி எழுதுவது எப்படி?

ராமநாதபுரம், கீழக்கரை பக்கத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் பயிற்சி அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "மாபெரும் இலவச பைத்தான் பயிற்சிப் பட்டறை! மாணவர்களுக்கு அரிய வாய்ப்பு!" இதில் மாணவருக்கு என்ன கிடைக்கும் என்பதே இல்லை. அதனால் விரல் நிற்காமல் அடுத்த செய்திக்குப் போய்விடும்.

முதலில், பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும்போது மாணவர் கையில் என்ன இருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். "பைத்தான் அடிப்படை" என்று எழுதினால் போதாது, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும். ஓபன்-மீட்டியோ தளம் கடல் அலை முன்னறிவிப்பை இலவசமாகத் தருகிறது. அதிலிருந்து பாம்பனின் அலை உயரத்தை எடுத்துக் காட்டும் சின்ன நிரல், முதல் நாளிலேயே முடிக்கக்கூடியது.

அடுத்து, அதையே கேள்வியாக்கி மாணவர் பேசும் தமிழில் எழுதுங்கள்:

"பாம்பன் கடல்ல நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? சாயங்காலத்துக்குள்ள நீங்களே கோடு எழுதிப் பாப்பீங்க."

ஊர்ப் பெயர் முதல் சொல்லாக வருவதால் கண் நிற்கும். "சாயங்காலத்துக்குள்ள" என்பது எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறது. "ஒரே நாளில் பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது நடக்காது என்று கோடிங் தெரிந்த சீனியர் ஒருவர் குழுவிலேயே சொல்லிவிடுவார். கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்ய இந்த நிரலை நம்பலாம் என்ற பொருள் வரவும் விடாதீர்கள். அதற்கு இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் எச்சரிக்கைதான்.

"இலவசம்" இரண்டாவது வரிக்குப் போகட்டும். முதல் சொல்லாக வந்தால், கடைசியில் ஏதோ கட்டண கோர்ஸை விற்கப் போகிறார்கள் என்ற சந்தேகம்தான் எழும். லேப்டாப் வேண்டுமா, எந்த ஆண்டு மாணவர் வரலாம், இடம், நேரம் எல்லாம் அதற்குப் பிறகு.

இனி நீளம். இதையே இன்ஸ்டாகிராமிலும் போட்டால், கேப்ஷனில் சுமார் 125 குறிகளுக்குப் பிறகு மீதி மறைந்துவிடும். தமிழில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் மெய்ப்புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும்.

```python
print(len("கீழக்கரை"))
```

நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 8. மேலே உள்ள பாம்பன் வரி முழுதும் 93, கேள்வி மட்டும் 41. "வணக்கம் மாணவர்களே", கல்லூரிப் பெயர், வரிசையாக எமோஜி என்று தொடங்கினால் இந்த இடம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அனுப்பும் முன் ஒரு நண்பருக்கு அனுப்பி, அவர் போனைத் திறக்காமல் நோட்டிஃபிகேஷனில் எதுவரை தெரிகிறது என்று பாருங்கள். கேள்வி பாதியில் அறுந்தால் இன்னும் சுருக்குங்கள்.

குழுவில் போட்ட பிறகு வரும் பதில்களையும் கவனியுங்கள். "எதப் பத்தி?" என்று கேட்டால் முதல் வரியை மாற்ற வேண்டும். "லேப்டாப் இல்லன்னா வரலாமாண்ணா?" என்று கேட்டால் முதல் வரி வேலை செய்துவிட்டது, இரண்டாவது வரியில்தான் பதில் விட்டுப்போயிருக்கிறது.