பீரியட்ஸ் நாளில் பேதியும் குமட்டலும்: மாத்திரையில் நடக்கும் தவறுகள்

உதிரப்போக்கு தொடங்கிய அன்றே நாலைந்து முறை வயிறு போனால், முந்தின நாள் வெளியில் சாப்பிட்டதன் மேல் பழி போட்டு, வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்பவர்கள் பலர். அதனால் பலனில்லை. ஏனென்றால் பெரும்பாலும் அங்கே காரணம் கிருமி அல்ல.

மாதவிலக்குக்கு முன் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் குறைந்ததும் கருப்பையின் உட்சுவர் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கிறது. சுவரை உரித்து வெளியேற்றக் கருப்பைத் தசையை இறுகச் செய்வது அதன் வேலை. அளவு மிஞ்சும்போது அருகிலிருக்கும் குடலின் தசையையும் அது முடுக்கிவிடுகிறது, பேதி வருகிறது. ரத்தத்தில் கலப்பதால் குமட்டல், தலைவலி. இடுப்புவலிக்குக் காரணம் முதுகெலும்பு அல்ல. கருப்பையின் வலியைச் சுமக்கும் நரம்புகளும் கீழ்முதுகின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், மூளைக்கு முதுகு வலிப்பதுபோலத் தெரிகிறது.

பெரிய தவறு, வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருப்பது. ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்ற வலிமாத்திரைகள் புதிதாகப் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உருவானதை அழிக்காது. காலை ஆறு மணிக்குக் கறை தெரிகிறது, பத்து மணிக்குப் பேதி தொடங்குவது வழக்கம் என்று வையுங்கள். பத்து மணிக்குப் போட்டால் பாதி நாள் போய்விடும். ஆறரைக்கே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஐபுபுரூஃபன் 400 மி.கி. போட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என இரண்டு நாள் தொடர்வதே சரி. சுரப்பு உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு நாட்கள்தான். பாராசிட்டமால் வலியைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் கருப்பையில் இந்தச் சுரப்பை அவ்வளவாகத் தடுக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: மெஃபனமிக் ஆசிட்டின் பக்கவிளைவுகளில் பேதியும் ஒன்று. மாத்திரை போட்ட பிறகு வயிறு கூடுதலாகப் போனால் இரண்டாவது மாத்திரை போடாதீர்கள், மருத்துவரிடம் வேறு மருந்து கேளுங்கள். உடம்பில் சொறியும் காய்ச்சலும் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

வெறும் வயிற்றில் வேண்டாம். பேதியால் நீர் வற்றிய நிலையில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும் என்பதால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கூடவே போகட்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலிமாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களும் தாமாக எடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும் புராஸ்டாகிளாண்டின் தலையில் கட்டுவதும் தவறே. மலத்தில் ரத்தம், மலம் கழிக்கையில் குத்தும் வலி, உதிரம் நின்ற பிறகும் தொடரும் வலி, இருபத்தைந்து வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய கடும் வலி: இவற்றில் ஏதாவது இருந்தால், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளதா என்று மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும்.