வி.ஆர். ஹெட்செட்டில் படம் மங்கலா? லென்ஸில் கை வைக்கும் முன்

புதிதாக வி.ஆர். ஹெட்செட் வாங்கியவர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் இரண்டுதான். எழுத்து தெளிவாக இல்லை என்பது ஒன்று, பத்து நிமிடத்தில் கண் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்பது இன்னொன்று. முதல் புகாருக்கு உடனே லென்ஸ் இடைவெளியை மாற்றிப் பார்ப்பார்கள். இரண்டாவதற்கு, திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற ரெஃப்ரெஷ் ரேட்டை 120 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடுவார்கள். பல நேரம் கோளாறு இரண்டு இடத்திலும் இருக்காது. சில நேரம் அது அங்கேதான் இருக்கும், ஆனால் தேவையானதற்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். மெட்டா க்வெஸ்ட் 2, க்வெஸ்ட் 3 இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். மற்ற ஹெட்செட்டுகளிலும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

உயரத்தைச் சரிசெய்யாமல் அகலத்தை மாற்றுவது

லென்ஸ் இடைவெளி என்பது இடம் வலமாக மட்டும் நகர்வது. ஹெட்செட் மூக்கின் மேல் நாலைந்து மில்லிமீட்டர் சரிந்து உட்கார்ந்திருந்தால் இடைவெளியை எப்படி மாற்றினாலும் மங்கல் போகாது. க்வெஸ்ட் 2-இல் இருப்பது ஃப்ரெனெல் லென்ஸ். அதன் நடுவில் ஒரு சிறிய வட்டத்தில்தான் படம் கூர்மையாக இருக்கும். கண்மணி அதைவிட்டு விலகினால் எழுத்தைச் சுற்றிப் பனி படர்ந்தமாதிரி தெரியும். 2024-இல் வந்த க்வெஸ்ட் 3எஸ்-ஸிலும் அதே வகை லென்ஸ்தான். க்வெஸ்ட் 3-இன் பான்கேக் லென்ஸில் கூர்மையான பரப்பு பெரிது. கொஞ்சம் சரிந்திருந்தாலும் அது மன்னித்துவிடும்.

அதனால் முதலில் பட்டையைத் தளர்த்துங்கள். பின்பட்டை பின்மண்டைப் புடைப்புக்குக் கீழே போய் உட்கார வேண்டும். மெனுவில் சின்ன எழுத்துள்ள ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே ஹெட்செட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக நகர்த்துங்கள். பிறகு கீழ் விளிம்பைக் கன்னத்தை நோக்கி அழுத்தியும் தளர்த்தியும் சாய்வை மாற்றிப் பாருங்கள். எழுத்து பளிச்சென்று ஆகும் இடம் ஒன்று உண்டு. அங்கேயே நிறுத்தி, உச்சந்தலைப் பட்டையை முதலில் இறுக்குங்கள். உயரத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். பக்கப் பட்டையை மட்டும் போட்டு இறுக்கினால் நெற்றியில் தழும்பு விழும், ஹெட்செட் எப்படியும் கீழே இறங்கும்.

கண்மணி இடைவெளியைத் தப்பாக அளப்பது

அக்கா மகன் ஒருவன் செகண்ட் ஹேண்டில் க்வெஸ்ட் 2 வாங்கி, வீட்டு கேமிங் பிசியோடு வைஃபையில் இணைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். "மாமா, ரெண்டு ரெண்டா தெரியுது, கண்ணும் வலிக்குது" என்றான். இடைவெளியை அளந்துதான் வைத்திருந்தான்: 64 மி.மீ. நண்பன் எதிரே உட்கார்ந்து ஸ்கேலை மூக்குமேல் வைத்துப் பார்த்துச் சொன்ன எண்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. ஒரு முழம் தள்ளி இருக்கும் முகத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பும். அப்போது அளந்தால் மூன்று மில்லிமீட்டர் போலக் குறைவாகவே வரும். ஹெட்செட்டுக்கு வேண்டியது தூரப்பார்வையில் இருக்கும் இடைவெளி. கண்ணாடிக் கடையில் அளந்து வாங்கினாலும் தூரப்பார்வை பி.டி.யை, அதாவது தூரப்பார்வையில் இருக்கும் கண்மணி இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள். வாசிப்புக் கண்ணாடிக்கு எடுத்த எண் இதற்கு உதவாது.

வீட்டில் தனியாகவே அளக்கலாம். சுவரில் மாட்டிய கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, மில்லிமீட்டர் ஸ்கேலைப் புருவத்தை ஒட்டிப் பிடியுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் கண்ணாடியில் தெரியும் அதே இடது கண்மணியின் நடுவைப் பார்த்து ஸ்கேலின் பூஜ்யத்தை அங்கே நிறுத்துங்கள். தலையும் ஸ்கேலும் அசையாமல் இடது கண்ணை மூடி வலதைத் திறந்து, வலது கண்மணிக்கு நேராக வரும் எண்ணைப் படியுங்கள். ஒவ்வொரு கண்ணும் தன்னையே பார்ப்பதால் இரண்டு பார்வைக் கோடும் இணையாகவே போகும். உள்பக்கம் திரும்பிய கணக்கு வராது. மூன்று நான்கு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். பெரியவர்களின் சராசரி 63 மி.மீ.யை ஒட்டி இருக்கும். 50-க்குப் பக்கத்திலோ 75-க்குப் பக்கத்திலோ வந்தால் மறுபடி அளப்பது நல்லது.

இப்படி அளந்ததில் பையனுக்கு 67 வந்தது. க்வெஸ்ட் 2-இல் மூன்றே நிலைகள்: 58, 63, 68 மி.மீ. 61 வரை உள்ளவர்களுக்கு முதல் நிலை, 61 முதல் 66 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. 64 என்று நம்பி இரண்டில் வைத்திருந்தவன் மூன்றில் இருந்திருக்க வேண்டும். இரண்டு லென்ஸையும் விளிம்பில் பிடித்துச் சேர்த்து நகர்த்தினால் நிலை மாறும், திரையில் 1, 2, 3 என்று எண் வரும். மூன்றுக்குப் போனதும் "ஓரத்துல கறுப்பா ஒரு விளிம்பு தெரியுதே" என்று பயந்தான். பயப்பட ஒன்றுமில்லை. க்வெஸ்ட் 2-இல் இரண்டு கண்ணுக்கும் ஒரே திரைதான். லென்ஸை அகட்டும்போது திரையின் முடிவு கண்ணில் படும். அந்த விளிம்பு பிடிக்காமல் பலர் இரண்டாம் நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள். அகலமான காட்சிக்காகக் கண்வலியை விலைகொடுத்து வாங்குவது அது.

க்வெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருப்பினால் மி.மீ. எண்ணே திரையில் வரும், இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. அளந்த எண்ணில் தொடங்கி ஒன்றிரண்டு மி.மீ. இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு கண்ணிலும் நடு எழுத்து ஒரே கூர்மையில் தெரியும் இடம்தான் உங்கள் இடம்.

இரட்டைப் படத்துக்கு எல்லாம் லென்ஸைக் குறை சொல்வது

மூன்றாம் நிலைக்கு மாற்றியதும் கண்வலி குறைந்தது. இரட்டையாகத் தெரிவது மட்டும் போகவில்லை. இங்கே ஒரு எளிய சோதனை உண்டு, இதைச் செய்யாமல் யாரும் லென்ஸைத் தொடக்கூடாது என்பேன். இரட்டையாகத் தெரியும்போது ஒரு கண்ணை மூடுங்கள். இரட்டை மறைந்தால், இரண்டு கண்ணின் படமும் ஒன்று சேரவில்லை என்று அர்த்தம். இடைவெளியையோ பட்டையையோ பாருங்கள். ஒரு கண்ணிலும் இரட்டையாகவே இருந்தால் இடைவெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு: அசையாமல் நிற்கும் பொருள் ஒற்றையாகவும், வேகமாக ஓடும் பொருளோ வீசும் கையோ மட்டும் இரட்டையாகவும் தெரிந்தால், அது ரெஃப்ரெஷ் ரேட் சம்பந்தப்பட்டது.

பையனுக்கு ஒரு கண்ணை மூடினாலும் இரட்டைதான். ஹெட்செட் 120 ஹெர்ட்ஸில் இருந்தது. 120 என்றால் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃப்ரேமையும் 8.3 மில்லி செகண்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். ஸ்டீம் வி.ஆர். காட்டும் ஃப்ரேம் நேர வரைபடத்தில் அவன் கார்டு ஒரு ஃப்ரேமுக்கு 10.5 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டிருந்தது. கெடு தவறினால் மென்பொருள் விளையாட்டைப் பாதி வேகத்துக்கு, அதாவது 60-க்கு, இறக்கிவிட்டு இடையிடையே கணித்த ஃப்ரேம்களைச் சொருகும். தலையைத் திருப்பும்போது இது பெரிதாகத் தெரியாது. விளையாட்டுக்குள் நகரும் பொருளில் தெரியும்: விளிம்பு கூழ்போல நெளியும், அல்லது நிழல்போல இன்னொன்று தொடரும். 120 என்று எழுதியிருந்தாலும் பார்ப்பது 60-தான்.

அதைப் பார்த்து 90-க்கு இறக்கினால் போதுமே என்று தோன்றும். 90-க்குக் கெடு 11.1 மில்லி செகண்ட். கார்டு எடுப்பதோ 10.5. வெடிப்பு, கூட்டம் என்று காட்சி கனத்தால் அந்த அரை மில்லி செகண்ட் உடனே தீர்ந்து 45-க்கு விழும். 80 ஹெர்ட்ஸுக்குக் கெடு 12.5. இரண்டு மில்லி செகண்ட் கையிருப்பு. மெட்டாவின் பிசி செயலியில் Devices-க்குள் ஹெட்செட்டைத் தேர்ந்து, Graphics Preferences-இல் 80 வைத்தோம். இரட்டை போனது. உச்ச எண்ணைவிட இடறாமல் தாங்கும் எண்தான் கண்ணுக்குச் சுகம்.

அதோடு எழுத்தும் கூர்மையானது. வைஃபையில் ஓட்டும்போது படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. நொடிக்கு 100 மெகாபிட் என்று வரம்பு வைத்திருந்தால், அதை 120 ஃப்ரேமுக்குப் பங்கு போடும்போது ஒன்றுக்கு 0.83 மெகாபிட்; 80 ஃப்ரேமுக்குப் போட்டால் 1.25. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒன்றரை மடங்கு விவரம். இருட்டான காட்சியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது இதனால் நன்றாகவே அடங்கும்.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. 72 ஹெர்ட்ஸில் வெள்ளைப் பின்னணி வந்தால் கடைக்கண்ணில் மினுக் மினுக்கென்று துடிப்பது சிலருக்குத் தெரியும், தலைவலியும் வரும். அவர்கள் 80-க்கோ 90-க்கோ போய், வேகத்துக்குப் பதில் ரெசல்யூஷனையோ விளையாட்டின் நிழல் தரத்தையோ குறைத்துக்கொள்ள வேண்டும்.

படம் பார்க்கும்போது வேறு கணக்கு

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். 72-இல் ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று முறை, 120-இல் ஐந்து முறை வரும். காட்சி சீராக ஓடும். 90-இல் 24 சரியாகப் போகாது. சில ஃப்ரேம் மூன்று முறையும் சில நான்கு முறையுமாக வந்து, கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் லேசாக வெட்டும். 30 ஃப்ரேம் வீடியோவுக்கு 90 பொருந்தும், 72 பொருந்தாது. ஹெட்செட்டிலேயே ஓடும் செயலிகளில் ரேட்டைச் செயலிதான் தீர்மானிக்கிறது; பிசி வழியாகப் பார்ப்பவர்களுக்கே இந்தத் தேர்வு கையில் இருக்கும்.

Tracking Frequency என்று ஒரு அமைப்பும் மெனுவில் இருக்கிறது, 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று. இதை ரெஃப்ரெஷ் ரேட் என்று நினைத்து 60-க்கு ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அதற்கும் திரைக்கும் சம்பந்தமே இல்லை. அறை விளக்கின் துடிப்போடு ஹெட்செட்டின் கேமராக்களை ஒத்துப்போகச் செய்வது அது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே தானியங்கியிலோ 50-லோ விட்டுவிடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கன்ட்ரோலர் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.