கைக்கு முன்னால் ஓடும் குரல்: புள்ளிக்கோல வீடியோவுக்கு வசனம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மா கோலம் போட, நான் பேச, முதன்முதலில் எடுத்த வீடியோ பாழாய்ப் போனது. கோலம் நன்றாகத்தான் வந்திருந்தது. என் குரல்தான் கையோடு சேரவில்லை. புள்ளிகளைப் பற்றி நான் பேசி முடித்தபோது அம்மா மூன்றாவது புள்ளியில்தான் இருந்தார். இழை போட ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழானது. "நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் கை அடுத்த புள்ளிக்குப் போயிடுதுடா" என்றார். அதற்குப் பிறகு பல முறை எழுதிப் பார்த்ததில் எங்கே தவறுகிறோம் என்று புரிந்தது. சிக்குக் கோலங்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்றான ஐந்து புள்ளிக் கோலத்தை வைத்து அதைச் சொல்கிறேன்.

முதலில் கோலம். நடுவில் 3 புள்ளி, 1-ல் நிறுத்த வேண்டும், நேர்ப்புள்ளி. அதாவது ஒரு வரிசையில் மூன்று புள்ளி, அந்த வரிசையின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று. ஒரே இழை இந்த ஐந்தையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும். நடுப்புள்ளியின் மேல் வலது ஓரத்தில் தொடங்கி, நடுப்புள்ளிக்கும் மேல்புள்ளிக்கும் இடையே புகுந்து, மேல்புள்ளியின் இடப்பக்கம் ஏறி, தலையைச் சுற்றி, வலப்பக்கம் இறங்கி, அதே இடைவெளியில் முதலில் போட்ட இழையை வெட்டிக்கொண்டு நடுப்புள்ளியின் மேல் இடது ஓரத்துக்கு வர வேண்டும். இது கால் பங்கு. இதையே இடப்புள்ளி, கீழ்ப்புள்ளி, வலப்புள்ளி என்று இன்னும் மூன்று முறை செய்தால் கோலம் முடிந்தது. இழை நடுப்புள்ளியை இடஞ்சுழியாகச் சுற்றும், ஓரப்புள்ளி ஒவ்வொன்றையும் வலஞ்சுழியாகச் சுற்றும். இந்தத் திசை மாற்றம்தான் சிக்கை உண்டாக்குகிறது. கற்பவர் தடுமாறுவதும் இங்கேதான்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, மேசையில் உட்கார்ந்து வசனத்தை எழுதி முடித்துவிட்டு, அதற்கேற்பக் கையை ஓட்டச் சொல்வது. கோலம் போட்டுப் பழகிய கைக்குத் தனி வேகம் உண்டு. சொல்லுக்காக அதை நிறுத்தினால் மாவு ஓரிடத்தில் குவிந்து இழை தடிக்கும், விரட்டினால் இழை விட்டுப்போகும். அதனால் பேச்சே இல்லாமல் முதலில் ஒரு முறை போட்டுப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கை எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கைக்கு எனக்குக் கிடைத்த கணக்கு இது:

0–3 நொடி: கிண்ணத்திலிருந்து மாவு எடுக்கிறார்
3–17: ஐந்து புள்ளி
17–20: மறுபடி மாவு
20–26: மேல்புள்ளிச் சுற்று
26–32: இடப்புள்ளிச் சுற்று
32–35: மாவு
35–41: கீழ்ப்புள்ளிச் சுற்று
41–47: வலப்புள்ளிச் சுற்று, இழை சேர்கிறது

உங்கள் கைக்கு எண்கள் மாறும், ஆனால் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது மாவு எடுக்கும் அந்த மூன்று நொடிகள். அவற்றை வீண் என்று நினைத்து வெட்டி எறிபவர்கள் உண்டு. எனக்கு அவைதான் வீடியோவின் மிகப் பயனுள்ள இடம். கை தரையில் இல்லாதபோதுதான் பார்ப்பவர் கண்ணும் காதும் சும்மா இருக்கின்றன. நீளமாகச் சொல்ல வேண்டிய எதுவும் அங்கே போக வேண்டும்: அடுத்து எந்தப் புள்ளி, எந்தப் பக்கமாக நுழையப் போகிறோம், எங்கே வெட்டும் என்பதெல்லாம். இழை ஓடும்போது ஒன்றிரண்டு சொல் போதும்.

மாவு தீர்ந்து கை நிற்கும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். வளைவின் உச்சியிலோ, இழை வெட்டும் இடத்திலோ நின்றால் ஒட்டுப் போட்டது தெரியும். நடுப்புள்ளியின் ஓரத்தில், இழை கிட்டத்தட்ட நேராக ஓடும் இடத்தில் நிறுத்தினால் தெரியாது. மேலே உள்ள கணக்கில் 32-வது நொடியில் கை நிற்பது அப்படி ஒரு ஓரத்தில்தான்.

அடுத்த தவறு நம் மொழியோடு சேர்ந்தே வருவது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். கோலத்தை விவரிக்கும்போது மேலே நான் எழுதியதுபோலத்தான் எழுத வரும்: "புகுந்து, ஏறி, சுற்றி, இறங்கி, வெட்டிக்கொண்டு வர வேண்டும்." படிக்க நன்றாக இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் பத்து நொடிக்கு மேல் ஆகிறது, கைக்கோ ஆறு நொடிதான். அதைவிட மோசம், என்ன செய்ய வேண்டும் என்பது முடிவில்தான் தெரிகிறது. கேட்பவர் வாக்கியம் முடியட்டும் என்று காத்திருக்கும்போதே கை போய்விடுகிறது. எச்சங்களாகக் கோத்த வாக்கியத்தை உடைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு முற்று வைத்துவிட்டால் இது சரியாகிறது. மேல்புள்ளிச் சுற்றுக்கு நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்டது:

17–20 (மாவு எடுக்கும்போது): "முதல்ல மேல்புள்ளி. இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்கப்போறோம்."
20: "உள்ளே வாங்க."
21: "ஏறுங்க."
23: "வளைங்க."
24: "இறங்குங்க."
25: "வெட்டுங்க."

பேசுவதுபோலவே எழுதியிருப்பதைப் பாருங்கள். "ஏறுங்கள், இறங்குங்கள்" என்று தாளில் எழுதினால் அதை அப்படியே படிக்க நேரும், குரல் விறைத்துப்போகும். ஒவ்வொரு சொல்லும் கை அந்த அசைவைத் தொடங்குவதற்கு அரை நொடி முன்னால் விழ வேண்டும். சேர்ந்தே விழுந்தால் பார்ப்பவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். அவர் கேட்டு, புரிந்துகொண்டு, பிறகுதானே அங்கே பார்க்கிறார்? வெட்டும் இடத்துக்கு மட்டும் இதில் ஒரு சிறு மாற்றம் வேண்டும். விரல் அங்கே இருக்கும்போது உள்ளங்கை அதை மறைத்துவிடும். "வெட்டுங்க" என்று முன்னால் சொல்லிவிட்டு, கை விலகிய பிறகு "இங்கே பாருங்க, பெருக்கல் குறி மாதிரி" என்று காட்டினால்தான் அது மனதில் பதிகிறது.

நான்கு சுற்றுக்கும் இதையே நான்கு முறை சொல்வதும் தவறுதான். இரண்டாம் சுற்றில் பாதியாகக் குறைக்கலாம். மூன்றாவதில் நுழையும் பக்கத்தை மட்டும் சொன்னால் போதும். நான்காவதில் நான் பேசுவதே இல்லை. பார்ப்பவர் தன் மனதுக்குள் சொல்லிக்கொள்ள அந்த ஆறு நொடி வேண்டும்.

இடது வலது குழப்பம் பேச்சால் வருவதில்லை, கேமராவால் வருகிறது. போடுபவருக்கு எதிரே கேமராவை வைத்தால் விரல் நுனி நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய இடப்பக்கம் திரையில் வலப்பக்கமாகிவிடும், மேல்புள்ளி கீழே போய்விடும். குரலில் "இடப்புள்ளி" என்று வரும்போது கை திரையின் வலப்பக்கம் இருக்கும். கேமராவை நேர் உச்சியில், தரையைப் பார்த்தபடி பொருத்துங்கள். படம் தலைகீழாக வந்திருந்தால் தொகுக்கும்போது 180 பாகை திருப்பிவிடுங்கள். கண்ணாடிபோல் புரட்டும் வசதியைத் தொடக் கூடாது, அதில் வலஞ்சுழி இடஞ்சுழியாகிவிடும். சாய்வாக வைத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு: மேல்கீழ் இடைவெளி சுருங்கித் தெரியும், அதைப் பார்த்துப் போடுபவர் புள்ளிகளையும் நெருக்கி வைத்துவிடுவார்.

புள்ளி இடைவெளியை வசனத்தில் சொல்லாமல் விடுவதும் வழக்கமாக நடப்பது. நாங்கள் புள்ளிக்குப் புள்ளி நான்கு விரல் அகலம் என்று சொல்கிறோம். ஒவ்வொரு இடைவெளியிலும் இழை இரண்டு முறை போய் வெட்ட வேண்டும். இரண்டு விரல்தான் விட்டிருந்தால் வெட்டும் இடம் மாவுத் திட்டாகிவிடும். "நேர்ப்புள்ளி" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். இடுக்குப் புள்ளி வைத்தே பழகியவர் மேல்புள்ளியை இரண்டு புள்ளிகளுக்கு இடையில் கொண்டுபோய் வைப்பார். புள்ளி வைக்க 14 நொடி இருக்கிறது, இவற்றைச் சொல்ல அது தாராளம்.

"ஒரே இழை" என்று பெருமையாகச் சொல்லிப் பழகியவர்கள், அடுத்த வீடியோவில் மூன்றுக்கு மூன்று சதுரமாக ஒன்பது புள்ளி வைத்து, இடைவெளி ஒவ்வொன்றிலும் வெட்டும்படி போட்டுக்கொண்டே அதே வசனத்தைச் சொல்லிவிடக் கூடாது. அங்கே இழை ஒன்றல்ல, மூன்று. இரண்டுக்கு மூன்று வைத்தால் ஒன்றுதான். எனவே ஒவ்வொரு கோலத்துக்கும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. படத்தைக் காட்டாமல் குரலை மட்டும், கோலம் தெரியாத ஒருவருக்கு ஒலிக்கவிட்டு, காகிதத்தில் பென்சிலால் போடச் சொல்வேன். முடிந்ததும் நான்கு இடைவெளிகளையும் பார்ப்பேன். நான்கிலும் பெருக்கல் குறி இருந்தால் வசனம் சரி. எதிலாவது இல்லையென்றால் அந்த நொடியில் நான் சொன்னது தவறு.

எங்கள் ஐந்து புள்ளிக் கோலத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்தார். மேல்புள்ளி சரியாக வந்தது. இடப்புள்ளியில் அவருடைய பென்சில் புள்ளிக்கு மேலே ஏறி, சுற்றி, கீழே வந்து, எதையும் வெட்டாமல் அடுத்த ஓரத்துக்குப் போய்விட்டது. அங்கே சிக்கு இல்லை, வெறும் வெளிக்கோடு. ஏன் மேலே போனீர்கள் என்று கேட்டேன். "மேலேர்ந்துதானே வர்றேன், அப்படியே மேலாலயே போறதுதானே வழி?" என்றார். அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் கை தானாகப் போக நினைக்கும் பக்கம் அதுதான். என் வசனமோ "இடப்புள்ளியைச் சுத்துங்க" என்று மட்டுமே இருந்தது. 26-வது நொடியில் இருந்த அதை எடுத்துவிட்டு, 25-வது நொடியின் முடிவில், கை இன்னும் ஓரத்துக்கு வராதபோதே விழும்படி இப்படி மாற்றினேன்: "இடப்புள்ளிக்குக் கீழே. கீழே போங்க."